ஊருணிக் கரையில் தொடங்கும் கொள்ளைநோய்

கோடையில் ராமநாதபுரம் சீமையின் கடலோரக் கிராமங்களுக்குப் போனால், வற்றிய ஊருணியின் நடுவே ஒரு பெண் குழி தோண்டி உட்கார்ந்திருப்பதைப் பார்க்கலாம். குழியின் அடியில் கையளவு நீர் ஊறும். மணல் கலங்காமல் அதைச் சிரட்டையால் கோதிக் குடத்தில் ஊற்றிவிட்டு, அடுத்த கையளவு ஊறும்வரை காத்திருப்பாள். குடம் நிறைவதற்குள் வெயில் ஏறிவிடும். கற்பனை உலகம் ஒன்றில் கொள்ளைநோயை எப்படி அமைப்பது என்று என்னிடம் கேட்கும் இளம் எழுத்தாளர்களை நான் இந்தக் குழிக்குத்தான் அழைத்து வருகிறேன். நோயின் பெயர், நோயாளியின் தோல் என்ன நிறமாகும் என்பதெல்லாம் பிறகு. முதலில் அந்த ஊரில் தண்ணீர் எங்கே ஊறுகிறது, யார் முதலில் மொள்ளுகிறார்கள், யார் மொள்ளவே கூடாது என்று எழுதிக்கொண்டு வரச் சொல்வேன்.

காரணம் எளிமையானது. ஒரு நோய் எந்த வழியாகப் பரவுகிறதோ அந்த வழியில்தான் ஊரின் ஏற்பாடுகளைத் தொடும். எலித் தெள்ளால் பரவும் பிளேக் தானியக் கிடங்குகளையும் கப்பல் துறைகளையும் தொடும். கொசுவால் பரவும் காய்ச்சல் வயல்வெளியில் யார் தூங்குகிறார்கள் என்பதைத் தொடும். நீரில் பரவும் வாந்திபேதி, அதாவது காலரா, குடத்தைத் தொடும். தண்ணீர் அரிதான கடற்கரையில் குடத்தைத் தொட்டால் சாதி, தொழில், திருமண உறவு, கோயில் மரியாதை எல்லாவற்றையும் தொட்டதாகிவிடும். அதனால் இந்தக் கட்டுரையில் ஒரே ஒரு நோயை எடுத்துக்கொண்டு, ஒரே ஒரு கற்பனைத் தீவில் அதைப் பரவவிட்டுப் பார்க்கிறேன்.

நோயின் உண்மையான இயல்பை முதலில் தெரிந்துகொள்ள வேண்டும், ஏனென்றால் கதையின் வேகத்தை அதுதான் தீர்மானிக்கும். காலராக் கிருமி உடலுக்குள் போய்ச் சில மணி நேரத்திலிருந்து ஐந்து நாளுக்குள் வேலையைக் காட்டும். குடலின் சுவர் நீரை உறிஞ்சுவதை விட்டு வெளியே கொட்டத் தொடங்கும். போவது மலமாகவே இருக்காது. அரிசி கழுவிய கழுநீரைப் போல வெளுத்த நீராக இருக்கும். கடுமையாகத் தாக்கப்பட்டவர் மணிக்கு ஒரு லிட்டர்வரைகூட இழக்கலாம். காலையில் வலை இழுத்தவர் மாலையில் இறந்துவிடக்கூடும். கடுமையான நோயாளிகளுக்கு எந்தப் பராமரிப்பும் இல்லாவிட்டால் ஏறத்தாழப் பாதிப்பேர் இறப்பார்கள். சரியான பராமரிப்பு இருந்தால் நூற்றுக்கு ஒருவர்கூட இறக்கமாட்டார். பாதிக்கும் ஒன்றுக்கும் நடுவே இருக்கும் அந்த இடைவெளியில்தான் மருத்துவரின் பாத்திரம் நிற்கிறது. எந்த மருத்துவராலும் பிழைக்கவைக்க முடியாத நோயும், யார் தொட்டாலும் குணமாகும் நோயும் கதைக்கு உதவாதவை.

இன்னொன்றையும் மறக்கக் கூடாது. கிருமி உடலுக்குள் போனவர்களில் பெரும்பாலோருக்கு நோயே தெரியாது, அல்லது லேசான வயிற்றுப்போக்கோடு போய்விடும். ஆனாலும் சில நாட்கள் அவர்களிடமிருந்து கிருமி வெளியேறிக்கொண்டே இருக்கும். ஆகவே நோயைக் கொண்டுவந்தவர் ஊரில் நலமாக நடமாடிக்கொண்டிருப்பார். யார் கொண்டுவந்தது என்று ஊர் தேடும்போது அந்த மனிதரைக் கண்டுபிடிக்க வழியே இல்லை. வேறு யாரையாவது கண்டுபிடிப்பார்கள்.

இப்போது தீவு. அதற்குக் கண்டல்தீவு என்று பெயர் வைக்கிறேன். கரையைச் சுற்றிக் கண்டல் மரங்கள், நடுவே பனங்காடு. மொத்தம் 600 பேர். அணையாவிளக்குக் கோயிலுக்கு மறுகரையிலிருந்து யாத்திரிகர்கள் தோணியில் வருவார்கள். அவர்களுக்குச் சோறும் இடமும் கொடுக்கும் சத்திரத்தெருவில் 150 பேர். சங்கு குளிப்பவர்களின் சங்குத்தெருவில் 330 பேர். உப்பளத்தில் வேலை செய்யும் அளத்தெருவில் 120 பேர். ஊருணி ஒன்றுதான். விடியும்முன் சத்திரத்தெரு மொள்ளும், வெயில் வந்தபின் சங்குத்தெரு மொள்ளும். அளத்தெரு ஊருணிப் படியில் கால் வைக்கக் கூடாது. அவர்கள் கடலோர மணலில் ஊற்றுத் தோண்டிக் குடிக்கிறார்கள். இது என் கற்பனைக்கு வெகுதூரத்திலிருந்து வந்ததல்ல. எந்தத் தெருவுக்கு எந்த நீர் என்று பிரித்து வைத்ததும், சிலரை ஊருணிப் படியிலேயே ஏற்றாமல் தடுத்ததும் நம் மண்ணின் வரலாறு. கடலுக்கு எட்டும் தூரத்தில் மணலைத் தோண்டினால் நல்ல நீர் கிடைப்பதும் உண்மை. தனுஷ்கோடியில் அப்படித்தான் கிடைக்கிறது. மழைநீர் மணலுக்குள் இறங்கி, கனமான உப்புநீரின்மேல் மெல்லிய படலமாக மிதந்து நிற்கிறது. ஆழமாகத் தோண்டினாலோ அதிகமாக இறைத்தாலோ கீழிருக்கும் உப்புநீர் ஏறிவிடும். இந்தக் கடைசி வரியை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், கணக்குப் போடும்போது தேவைப்படும்.

பங்குனி மாதம். ஊருணியில் முழங்காலளவு நீர். சத்திரத்தில் தங்கிய யாத்திரிகர் ஒருவருக்கு இரவெல்லாம் பேதியாகி விடியற்காலையில் உயிர் போகிறது. அவர் கிடந்த துணியை வேலைக்காரப் பெண் ஊருணியின் மேல்படியில் வைத்துத் துவைக்கிறாள். நல்ல எண்ணத்தோடுதான் செய்கிறாள். சாவுத்துணியை வீட்டில் வைத்திருக்கக் கூடாது. மூன்றாம் நாள் சங்குத்தெருவில் நால்வர் படுக்கிறார்கள். ஐந்தாம் நாள் இரு தெருக்களிலுமாக நாற்பது பேர். நீர் குறைந்திருக்கும் காலத்தில் இது நடப்பது தற்செயல் இல்லை என்பதை எழுதுபவர் அறிந்திருக்க வேண்டும். நிறைந்த ஊருணியில் கரைந்து நீர்த்துப்போயிருக்கக் கூடியது, முழங்காலளவு நீரில் அடர்ந்து நிற்கிறது.

இங்கே மூலிகைக்கு முதல் வேலை வருகிறது, அது ஒரு ஏமாற்றமாகவும் இருக்கிறது. கலங்கிய ஊருணி நீரைத் தெளியவைக்கப் பானையின் உட்புறத்தில் தேத்தாங்கொட்டையை உரைப்பது பழைய வழக்கம். உரைத்துவிட்டு நீரை ஊற்றி வைத்தால் மண் அடியில் படிந்து மேல்நீர் கண்ணாடிபோல் ஆகும். மண்ணோடு ஒட்டிக்கொண்டு கிருமியில் ஒரு பகுதியும் அடியில் போகும், ஆனால் முழுவதும் போகாது. கண்டல்தீவின் மக்களுக்குத் தெளிந்த நீர் என்றால் நல்ல நீர். நோய் வந்ததும் அவர்கள் இன்னும் கவனமாக உரைக்கிறார்கள், இன்னும் தெளிந்த நீரைக் குடிக்கிறார்கள், மேலும் படுக்கிறார்கள். நல்ல மருந்துப்பொருள் ஒன்று தனக்குரிய வேலையைச் சரியாகச் செய்தும் மக்களைக் காப்பாற்றாமல் போவதை இப்படிக் காட்டலாம். மூலிகை என்றால் ஒன்று அற்புதம், இல்லையென்றால் போலி என்ற இரண்டே நிலைகளில் எழுதுகிறவர்கள் இந்த வாய்ப்பை இழக்கிறார்கள்.

தீவில் மூன்று பேர் நோய் தீர்ப்பவர்கள். சத்திரத்தெருவில் ஏடு படித்த வைத்தியர். சங்குத்தெருவில் அம்மன் கோயில் பூசாரி. அளத்தெருவில் பேச்சி என்ற மருத்துவச்சி. பிள்ளைப்பேறு பார்க்க மட்டும் அவள் எல்லாத் தெருவுக்கும் போகலாம். மூவரிடமும் உண்மையின் ஒரு துண்டு இருக்கிறது. அந்தத் துண்டு எது என்பதை எழுதுபவர் துல்லியமாகத் தெரிந்துவைத்திருந்தால், மூவருக்கும் இடையே நடக்கும் சண்டை தானாக எழுந்து வரும்.

வைத்தியரிடம் இருப்பது கொதி. சித்த மருத்துவத்தில் கியாழத்துக்குக் குடிநீர் என்றே ஒரு பெயர் உண்டு, நிலவேம்புக் குடிநீர் என்று இன்றும் சொல்கிறோம். வைத்தியர் மாதுளை ஓட்டையும் கடுக்காயையும் இடித்துப் போட்டு, எட்டுப் பங்கு நீர் ஒரு பங்காகச் சுண்டும்வரை காய்ச்சுகிறார். இரண்டும் துவர்ப்பு, சாதாரண வயிற்றுப்போக்கில் ஓரளவு கட்டும். அவர் கொடுக்கும் நீர் நன்றாகக் கொதித்ததால் அதில் கிருமி இல்லை. ஆனால் அவருக்கும் ஊருக்கும் அந்தப் பெருமை முழுதும் கடுக்காய்க்குப் போய்ச் சேர்கிறது. கடுக்காய் தீவில் விளையாது, மலையிலிருந்து வணிகர் கைமாறித் தோணியில் வரவேண்டும். ஐந்தாம் நாள் கடுக்காயின் விலை ஏறுகிறது. எட்டாம் நாள் கடுக்காய் தீர்ந்ததும் வைத்தியர் காய்ச்சுவதையே நிறுத்திவிடுகிறார். காய்ச்ச விறகும் நீரும் இருந்தும், மருந்து இல்லாத நீரை எதற்குக் காய்ச்ச வேண்டும் என்று அடுப்பை அணைக்கிறார். என் மாணவர்களில் ஒருவர் இந்தக் காட்சியை எழுதியபோது அணைந்த அடுப்பின் சாம்பலை மட்டும் நான்கு வரி எழுதியிருந்தார். அதற்குமேல் விளக்கம் தேவைப்படவில்லை.

வைத்தியரின் இன்னொரு குறை அளவு. சுண்டக் காய்ச்சிய குடிநீரை ஒரு வேளைக்கு இரண்டு மூன்று மடக்குத்தான் கொடுக்கிறார். மணிக்கு ஒரு லிட்டர் இழப்பவருக்கு அது எந்த மூலைக்கும் போதாது. பேதியாகிறவருக்கு நீர் கொடுத்தால் இன்னும் போகும் என்று அவர் நம்புவதால் வேறு நீரும் கொடுக்க விடுவதில்லை. அவரை மூடராகக் காட்டினால் அது அநியாயம். பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஐரோப்பிய மருத்துவர்களில் பலரும் காலரா நோயாளிக்கு இரத்தம் வடித்தார்கள், பேதி மருந்து கொடுத்தார்கள், தண்ணீர் கேட்டவர்களுக்கு மறுத்தார்கள். கண்ணுக்குத் தெரிவதை வைத்துப் பார்த்தால் அவர்களுடைய தர்க்கம் சரி. நீர் கொடுத்தால் போக்கின் அளவு உண்மையிலேயே கூடலாம். நீர் கொடுக்காதபோது, உடலில் கொட்ட ஒன்றுமில்லாமல் போக்கு குறையலாம். குறைந்ததைப் பார்த்து உறவினர்கள் நிம்மதியடையும் நேரத்தில் உயிர் போகும்.

பூசாரியிடம் இருப்பது விலக்கு. அம்மை போட்ட வீட்டில் வேப்பிலை செருகுவதை நாம் அறிவோம். வேப்பிலையைப் பார்த்தவர் உள்ளே வரமாட்டார், உள்ளே இருப்பவர் வெளியே போகமாட்டார், தலைக்குத் தண்ணீர் ஊற்றும்வரை அந்த வீடு ஊரிலிருந்து விலகி நிற்கும். ஆத்தா வந்திருக்கிறாள் என்ற மரியாதையால் ஊர் தானாகவே ஒரு தனிமைப்படுத்தலைக் கடைப்பிடித்தது. கண்டல்தீவின் பூசாரியும் நோய் கண்ட வாசல்களில் வேப்பிலை கட்டச் சொல்கிறார். அதனால் பாதி நன்மை. நோயாளியின் துணியும் பாத்திரமும் வெளியே வராமல் நிற்கின்றன. மீதிப் பாதி கெடுதல். வேப்பிலை கட்டிய வீட்டுக்குத் தண்ணீர் கொண்டுபோகவும் ஆள் இல்லை. தொடுவதால் பரவும் அம்மைக்குப் பொருந்திய வழக்கத்தை ஊருணியால் பரவும் நோய்க்கு அப்படியே எடுத்து வைத்ததில் வந்த பிழை இது. நோய் மாறினாலும் சமூகம் தனக்குத் தெரிந்த பழைய நோய்க்கான வழக்கத்தைத்தான் முதலில் எடுக்கும். இதைக் கதையில் காட்டிவிட்டால், உங்கள் உலகத்துக்கு இதற்கு முன்பும் நோய்கள் வந்திருக்கின்றன என்பதைத் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

பேச்சியிடம் இருப்பது சங்கு. கைக்குழந்தைக்குப் பாலும் மருந்தும் ஊட்டும் அந்தச் சிறிய சங்கு நம் பலருடைய வீட்டில் இன்னும் இருக்கும். இந்த உலகத்தின் ஒரே மாயத்தையும் நான் அவளிடம்தான் வைத்திருக்கிறேன். பெரிய சங்கு ஒன்றை நோயாளியின் மார்பில் வைத்துக் காதோடு சேர்த்தால், அந்த உடலில் எவ்வளவு நீர் மிஞ்சியிருக்கிறது என்பது அவளுக்குக் கேட்கும். அலையோசை மங்க மங்க உயிர் குறைகிறது. அவளால் கேட்க முடியும், அவ்வளவுதான். ஒரு சொட்டு நீரையும் அவளால் வரவழைக்க முடியாது. மாயத்தைப் பற்றி எனக்கு ஒரு பிடிவாதம் உண்டு. நோயைத் தீர்க்கும் மாயம் கதையிலிருந்து ஊரை வெளியேற்றிவிடும். நோயை அளக்கும் மாயம் ஊரைக் கதைக்குள் இழுத்து வரும். யாருக்கு எவ்வளவு குறைகிறது என்று ஒருத்திக்குத் தெரிந்துவிட்டால், கொடுக்க நீர் வைத்திருப்பவர்கள் இனி தெரியாது என்று சொல்ல முடியாது.

மாயம் இல்லாதவர்களும் இதே அளவைக் கையாலும் கண்ணாலும் ஓரளவு எடுக்கலாம், அதையும் கதையில் சொல்லுங்கள். கண் உள்ளே போயிருக்கும். வயிற்றுத் தோலைக் கிள்ளிவிட்டால் மடிப்பு உடனே விரியாமல் நிற்கும். நெடுநேரம் நீரில் ஊறியவரைப்போல் விரல்கள் சுருங்கியிருக்கும். கெண்டைக்காலில் நரம்பு சுருட்டும். குரல் தேய்ந்துவிடும், மணிக்கட்டில் நாடி பிடிபடாது. ஆனால் அறிவு பெரும்பாலும் கடைசி வரை தெளிவாக இருக்கும். பிழைக்கப்போகிறார் என்பதற்கு மிக உறுதியான அடையாளம் அவர் சிறுநீர் கழிப்பதுதான். பேச்சி ஒரு வீட்டில் ஆறு மணி நேரம் உட்கார்ந்திருந்து, அந்தச் செய்தியை மருமகள் வந்து சொன்னதும் முதல்முறையாகச் சிரிப்பதை எழுதிப் பாருங்கள்.

அவள் ஊட்டுவது உப்பும் கருப்பட்டியும் கரைத்த நீர். இதற்குப் பின்னால் உள்ள அறிவியல் 1960களில்தான் தெளிவாகியது. காலராவில் குடல் சோடியத்தையும் நீரையும் கொட்டிக்கொண்டிருந்தாலும், சர்க்கரை கூட வந்தால் சோடியத்தை உள்ளே வாங்கும் ஒரு வழி கெடாமல் இருக்கிறது. சோடியம் போகும் வழியில் நீரும் போகும். 1971இல் வங்கதேசப் போரின்போது எல்லையோர அகதி முகாம் ஒன்றில் ஊசிவழி ஏற்றும் திரவம் தீர்ந்துபோக, மருத்துவர் திலீப் மகலநாபிஸ் இந்தக் கரைசலைப் பீப்பாய்களில் கலந்து வாய்வழியே குடிக்கக் கொடுக்கச் செய்தார். சுமார் 30 விழுக்காடாக இருந்த இறப்பு 4 விழுக்காட்டுக்கும் கீழே வந்தது. இன்று மருந்துக்கடையில் பொட்டலமாகக் கிடைக்கும் உப்புச்சர்க்கரைக் கரைசலின் கதை அது.

அளவு தவறினால் இதே மருந்து கெடுக்கும். ஒரு லிட்டருக்குத் தலைதட்டிய அரைத் தேக்கரண்டி உப்பு, ஆறு தேக்கரண்டி சர்க்கரை என்பது வீட்டுக் கணக்கு. உப்பு கூடினால் ஆபத்து, குழந்தைகளுக்கு இன்னும் ஆபத்து. இனிப்பு கூடினால் குடலுக்குள் மேலும் நீரை இழுத்துப் போக்கை வளர்க்கும். தேக்கரண்டி இல்லாத உலகத்தில் அளவை எப்படிக் கற்றுக்கொடுப்பது? 1980களில் வங்கதேசக் கிராமங்களில் வீடு வீடாகப் போன பெண்கள் மூன்று விரல் சிட்டிகை உப்பு, ஒரு கைப்பிடி வெல்லம், அரை சேர் நீர் என்று கைகளாலேயே கற்றுக்கொடுத்தார்கள். உப்பு சரியா என்று நாவில் பார்க்கவும் ஒரு அளவு உண்டு: கண்ணீரைவிடக் கரிக்கக் கூடாது. உப்பளத்தில் பிறந்த பேச்சிக்கு இந்த நாக்கு இயல்பாகவே இருக்கும். ஊட்டும் விதமும் முக்கியம். வாந்தி எடுப்பவருக்குச் செம்போடு கொடுத்தால் அப்படியே வெளியே வரும். ஒரு சங்கு, சிறிது இடைவெளி, மறுபடி ஒரு சங்கு. வாந்தி வந்தால் பத்து நிமிடம் பொறுத்து மறுபடி தொடங்க வேண்டும். இரவெல்லாம் ஒருவர் பக்கத்தில் உட்கார்ந்திருக்க வேண்டிய வைத்தியம் இது.

இனிக் கணக்கு. நாற்பது நோயாளிக்கு, ஆளுக்கு நாளொன்றுக்குப் பத்து லிட்டர் என்று வைத்தால் 400 லிட்டர். குடத்துக்கு 15 லிட்டர் என்றால் 27 குடம். ஊருணி நீரைத் தொட முடியாது. அளத்தெருவில் நான்கு ஊற்றுகள். ஒவ்வொன்றும் மணிக்கு ஒரு குடம் ஊறுகிறது. பகல் பன்னிரண்டு மணி நேரத்தில் 48 குடம் கிடைக்கும். அதில் அந்தத் தெருவின் 120 பேர் குடிக்கவும் பொங்கவும் ஆளுக்கு நான்கு லிட்டர் வைத்தால் 32 குடம் போய்விடும். மிஞ்சுவது 16. தேவை 27. பதினொரு குடம் துண்டு விழுகிறது. என் கதையின் உண்மையான வில்லன் இந்தப் பதினொரு குடம்தான்.

உப்புக்குக் குறைவில்லை, நாளுக்கு ஒன்றேகால் கிலோ போதும், அளத்தில் மலையாகக் கிடக்கிறது. கருப்பட்டி பதினொன்று பன்னிரண்டு கிலோ வேண்டும், சத்திரத்தின் கிடங்கில் இருக்கிறது. நீர்தான் இல்லை. இரவிலும் இறைக்கலாமே என்று ஒருவர் சொல்வார். மூன்றாம் இரவில் ஊற்றில் உப்பு ஏறிவிடும், பிறகு அளத்தெருவுக்கும் குடிநீர் கிடையாது. ஊருணி நீரைக் காய்ச்சலாமே என்று இன்னொருவர் சொல்வார். சரியான யோசனை. ஆனால் திறந்த அடுப்பில் ஒரு லிட்டரைக் கொதிக்கவைக்க ஏறக்குறைய ஒரு கிலோ விறகு போகும். பதினொரு குடம் என்றால் 165 கிலோ விறகு, ஒவ்வொரு நாளும். தீவில் உடனே வெட்டக்கூடிய மரம் கண்டல் மட்டுமே. புயலடித்தால் அலையின் வேகத்தை முதலில் வாங்குவது அந்தக் கண்டல். 1964 டிசம்பரில் தனுஷ்கோடியைக் கடல் கொண்டுபோன கதையைக் கேட்டு வளர்ந்த கரைக்கு, இது சிறிய முடிவு என்று சொல்லத் தோன்றாது. வெட்டலாம் என்று ஊர் முடிவெடுத்தால், இந்த நோயின் கடைசிச் சாவு இருபது வருடம் கழித்து ஒரு மார்கழி இரவில் நிகழக்கூடும்.

இதற்கிடையில், அளத்தெருவில் ஒருவரும் படுக்கவில்லை என்பதை ஊர் கவனித்துவிடுகிறது. 1854இல் லண்டனில் ஒரு தெருக்குழாயைச் சுற்றிக் காலரா பரவியபோது, அருகிலேயே இருந்த மதுக்காய்ச்சும் ஆலையின் தொழிலாளிகள் பெரும்பாலும் தப்பினார்கள். அவர்களுக்குத் தனிக் கிணறு இருந்தது, தாகத்துக்கு ஆலையின் மதுவையே குடித்தார்கள். மருத்துவர் ஜான் ஸ்நோ அந்தத் தப்பித்தலையே தன் வாதத்துக்குச் சான்றாக்கினார். கண்டல்தீவில் ஜான் ஸ்நோ இல்லை. நம்மோடு சாகாதவர்கள் நம்மைச் சாகடிக்கிறார்கள் என்று சங்குத்தெரு முடிவு கட்டுகிறது. ஊருணியில் எதையோ போட்டுவிட்டார்கள், படியேற விடாததற்குப் பழி வாங்குகிறார்கள். அநீதியாக விலக்கிவைத்த அதே விலக்கு அந்தத் தெருவை நோயிலிருந்து காத்திருக்கிறது. காத்ததற்காகவே மறுபடி தண்டிக்கப்படுகிறது. பஞ்சாயத்து கூடும் இரவில் பேச்சி சங்குத்தெருவின் ஒரு வீட்டில் குழந்தைக்கு ஊட்டிக்கொண்டிருக்கிறாள். வெளியே தன் தெருவை எரிக்கலாமா என்று பேசுவது அவளுக்குக் கேட்கிறது. சங்கை வைத்துவிட்டு எழுந்தால் குழந்தைக்கு ஒரு சுற்று தவறும். இந்தக் காட்சியை எப்படி முடிப்பது என்பதை நான் யாருக்கும் சொல்லிக்கொடுப்பதில்லை. எழுதுபவர் தன் ஊரைப் பற்றி உண்மையில் என்ன நினைக்கிறார் என்பது அங்கே வெளியே வந்துவிடும்.

மூன்று துண்டுகளும் ஒன்றுசேர்ந்தால் தீவு பிழைக்கும். வைத்தியரின் கொதி, பூசாரியின் விலக்கு, பேச்சியின் அளவு. வேப்பிலையை வீட்டு வாசலிலிருந்து எடுத்து ஊருணிப் படியில் கட்ட வேண்டும் என்று பூசாரி ஒருவரால் மட்டுமே சொல்ல முடியும், அவர் சொன்னால் மட்டுமே ஊர் படியிறங்காமல் நிற்கும். ஏன் என்று அவருக்கே தெரியாமல் இருக்கலாம். சேர்ந்தபின்பும் எல்லாரும் பிழைக்கமாட்டார்கள், பதினொரு குடம் துண்டு விழுந்த நாட்களில் யாரோ ஒருவர் யாருக்கு முதலில் என்று தீர்மானித்திருப்பார்.

நோய் போனபின் சமூகத்தில் என்ன தங்குகிறது என்பதில்தான் பலர் கோட்டை விடுகிறார்கள். கடைசி நோயாளி எழுந்ததும் கதை முடிந்துவிடுகிறது. ராமேசுவரத்துக்குப் போகும் ரயிலில் மண்டபத்துக்குச் சற்று முன்பே ‘மண்டபம் முகாம்’ என்று ஒரு நிலையம் வரும். இலங்கைத் தோட்டங்களுக்குப் போன தொழிலாளிகளை, கொள்ளைநோய் கடல்தாண்டி வந்துவிடக் கூடாது என்பதற்காகச் சில நாட்கள் தடுத்துவைத்துப் பரிசோதித்த இடம் அது. பிளேக்கும் காலராவும் பயமுறுத்திய காலம் போய்விட்டது. தோட்டத்துக்கு ஆள் ஏற்றுவதும் நின்றது. பிறகு அதே மண்டபத்தில் இலங்கையிலிருந்து அகதிகளாக வந்தவர்கள் தங்கவைக்கப்பட்டார்கள். நோய்க்காகக் கட்டிய இடம் நோய் போனபின்பும் மனிதர்களைத் தேடிக்கொண்டே இருந்தது. உங்கள் உலகத்திலும் இப்படி ஒன்று நிற்கட்டும். கண்டல்தீவில் தோணித்துறையை ஒட்டி யாத்திரிகர்களை ஐந்து நாள் நிறுத்திவைக்கும் கொட்டகை வரும். ஐந்து நாள் என்பது காலராவின் கணக்கு. இரண்டு தலைமுறைக்குள் கொட்டகை சுங்கச்சாவடியாகிவிடும், ஐந்து நாள் காத்திருக்க முடியாதவர் பணம் கொடுத்து உள்ளே போகலாம். கொட்டகைக்கு நீர் விற்கும் உரிமை யாருக்கு என்று ஒரு வழக்கும் நடக்கும்.

ஊர் தவறானதையும் நினைவில் வைத்துக்கொள்ளும். சத்திரத்தெரு வைத்தியருக்கு ஒரு நடுகல் வைக்கும், அதில் கடுக்காய் செதுக்கியிருக்கும். அடுத்த கொள்ளைநோயில் முதலில் தேடப்படுவது கடுக்காய்தான். அளத்தெருவின் ஊற்றுகளுக்கு அம்மன் பெயர் வந்துவிடும், பிறகு அங்கே பூசை செய்யும் உரிமை சங்குத்தெருவுக்குப் போகும், ஊற்றிலிருந்தும் அளத்தெரு விலகி நிற்க வேண்டிவரும். ஊருணியின் முறை மட்டும் மாறியிருக்கலாம்: பங்குனி மாதம் ஒருநாள் அளத்தெருப் பெண்கள் முதல் குடம் மொள்ளுவார்கள். ஒரே ஒரு நாள்.

பேச்சிக்கு நடுகல் இல்லை. நூறு ஆண்டு கழித்துக் கண்டல்தீவில் எந்தத் தெருவாக இருந்தாலும், பிள்ளை பெற்றவளுக்குத் தாய்வீட்டுச் சீரில் ஒரு சங்கும் ஒரு கட்டிக் கருப்பட்டியும் ஒரு கைப்பிடி உப்பும் வருகின்றன. குழந்தைக்கு முதல்முறை ஊட்டும் முன் தாய் ஒரு சொட்டைத் தன் நாவில் வைத்துப் பார்க்கிறாள். பாலில் எதற்கு உப்புப் பார்ப்பது என்று மறுகரையிலிருந்து வந்த மருமகள் கேட்கிறாள். எங்கள் வழக்கம் என்கிறாள் மாமியார், சங்கை அவள் கையில் கொடுத்தபடி.